வருடாந்தப் பொதுச்சபைக் கூட்ட அறிவித்தல்

புவக்பிட்டியக் கிராமச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்
சங்கக் காரியாலயம், புவக்பிட்டிய, கொழும்பு மாவட்டம்
2026 யூன் 20

மதிப்புக்குரிய அங்கத்தவர்களுக்கு,

மேல் மாகாணக் கூட்டுறவுச் சங்கங்கள் நியதிச்சட்டத்துக்கும் எமது சங்கத்தின் துணைவிதிகளுக்கும் அமைய, 2026 மார்ச் 31ஆம் திகதியுடன் முடிவடைந்த நிதியாண்டுக்கான வருடாந்தப் பொதுச்சபைக் கூட்டம், 2026 யூலை 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணிக்கு, சங்கக் காரியாலயத்துக்கு அருகிலுள்ள சனசமூக நிலைய மண்டபத்தில் தலைவர் தலைமையில் நடைபெறும். இக்கூட்டத்துக்குத் தாங்கள் வருகைதந்து, கணக்குகளைக் கேட்டறிந்து, தங்கள் கருத்தையும் வாக்கையும் வழங்க வேண்டுமெனச் செயற்குழு அன்புடன் அழைக்கின்றது.

கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் விடயங்கள், அவை எடுத்துக்கொள்ளப்படும் ஒழுங்கில், பின்வருமாறு:

1. மறைந்த அங்கத்தவர்களுக்கு அஞ்சலி, வரவேற்புரை
2. சென்ற பொதுச்சபைக் கூட்டத்தின் அறிக்கையை வாசித்து உறுதிப்படுத்தல்
3. செயற்குழுவின் ஆண்டறிக்கை
4. கணக்காய்வு செய்யப்பட்ட இலாப நட்டக் கணக்கும் ஐந்தொகையும், அவை பற்றிய அங்கத்தவர் கேள்விகளும்
5. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோரின் கடன் தவணைகளைப் பிற்போட்டமைக்குச் சபையின் அங்கீகாரம்
6. தேறிய இலாபத்தைப் பகிர்தல்
7. துணைவிதித் திருத்தம்
8. அடுத்த நிதியாண்டின் வரவு செலவுத் திட்டமும், சங்கம் வெளியிலிருந்து பெறக்கூடிய கடனின் உச்ச எல்லையும்
9. புதிய செயற்குழுத் தெரிவு
10. அங்கத்தவர்கள் முன்கூட்டியே எழுத்தில் தந்த ஏனைய பிரேரணைகள்

இவற்றுள் நான்காம் விடயத்துக்கு மட்டும் இம்முறை ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. கணக்குகளைப் பற்றிக் கேட்பதற்கு நேரம் போதவில்லை என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தின் பின்னர் அங்கத்தவர் பலர் தெரிவித்த கருத்தை ஏற்றே இவ்வாறு செய்யப்பட்டுள்ளது. கணக்கறிக்கையின் பிரதிகள் யூன் 24ஆம் திகதி முதல் காரியாலயத்தில் தமிழிலும் சிங்களத்திலும் இலவசமாகக் கிடைக்கும். வாசிப்பது சிரமமாக உள்ளவர்களுக்கும், எண்களை விட விளக்கத்தையே விரும்புகின்றவர்களுக்கும், யூலை 5ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குக் காரியாலயத்தில் பொருளாளர் கணக்கறிக்கையை வரி வரியாக வாசித்து விளக்குவார். அங்கு எழும் கேள்விகள் குறித்துக்கொள்ளப்பட்டு, பொதுச்சபையில் முதலில் பதிலளிக்கப்படும். கேள்வி எழுப்புவது செயற்குழுவின் மீது ஐயம் கொள்வதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். அங்கத்தவர் கேட்காத கணக்கைக் கணக்காய்வாளர் ஒருவரால் மட்டும் காப்பாற்றிவிட முடியாது.

ஐந்தாம் விடயம் எமது அங்கத்தவர் பலரின் வீட்டோடு தொடர்புடையது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் பெய்த பெருமழையால் களனி கங்கையை அண்டிய பகுதிகள் நீரில் மூழ்கியபோது, எமது அங்கத்தவர் சிலர் வீட்டுப் பொருள்களையும், சிலர் தொழிலுக்கான உபகரணங்களையும் இழந்தனர். அவர்களுடைய கடன் தவணைகளை மூன்று மாதங்களுக்குப் பிற்போடவும், அக்காலத்துக்குத் தண்ட வட்டி அறவிடாதிருக்கவும் செயற்குழு அப்போது தீர்மானித்தது. அவசரத்தில் எடுக்கப்பட்ட அத்தீர்மானத்தை அங்கீகரிக்கும் அதிகாரம் பொதுச்சபைக்கே உரியது என்பதால், எத்தனை கடன்கள் பிற்போடப்பட்டன, அதனால் சங்கத்துக்கு எவ்வளவு வட்டி வரவு குறைந்தது என்னும் விபரங்கள் சபையின் முன் வைக்கப்படும். உதவி பெற்றவர்களின் பெயர்கள் வாசிக்கப்படமாட்டா.

ஆறாம் விடயத்தில் அங்கத்தவர்கள் முன்கூட்டியே ஆலோசித்து வரவேண்டிய ஒரு தெரிவு உண்டு. ஒதுக்க நிதிக்கும் கூட்டுறவு நிதியத்துக்கும் சேர வேண்டிய பகுதிகளைக் கழித்த பின்னர் எஞ்சும் இலாபத்திலிருந்து வழமைபோல நூற்றுக்கு 8 வீதப் பங்கிலாபம் வழங்கலாம்; அல்லது, செயற்குழு பிரேரிப்பது போல, பங்கிலாபத்தை இவ்வாண்டு 5 வீதமாகக் குறைத்து, மிகுதியைக் கொண்டு அனர்த்த உதவி நிதியொன்றைத் தொடங்கலாம். 5,000 ரூபா பங்குப் பணம் வைத்திருக்கும் அங்கத்தவர் ஒருவருக்கு முதலாவது முறையில் 400 ரூபாவும், இரண்டாவது முறையில் 250 ரூபாவும் கிடைக்கும். அதாவது, அவர் விட்டுக்கொடுப்பது 150 ரூபா. அடுத்த வெள்ளம் வரும்போது கடன் வாங்காமலே முதல் வாரத்தைக் கடக்க ஒரு குடும்பத்துக்கு உதவக்கூடிய நிதி எமது கையில் இருக்க வேண்டும் என்பதே செயற்குழுவின் உறுதியான கருத்து. ஆயினும் பங்கிலாபம் அங்கத்தவரின் உரிமை. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்தச் சிறு தொகையும் பெரிதாக இருக்கலாம் என்பதை நாம் அறிவோம். எனவே இரு முறைகளும் சமமாக விளக்கப்பட்டு வாக்குக்கு விடப்படும்.

ஏழாம் விடயமான துணைவிதித் திருத்தத்தில் மூன்று மாற்றங்கள் முன்மொழியப்படுகின்றன. மாதாந்தக் கட்டாயச் சேமிப்பு 200 ரூபாவிலிருந்து 300 ரூபாவாக உயர்த்தப்படும். ஓர் அங்கத்தவருக்கு வழங்கக்கூடிய உச்சக் கடன் 100,000 ரூபாவிலிருந்து 150,000 ரூபாவாக உயர்த்தப்படும். 100,000 ரூபாவுக்கு மேற்பட்ட கடனுக்கு இரு பிணையாளிகளுக்குப் பதிலாக மூவர் கையொப்பமிட வேண்டும். கூரைத் தகடு, சீமெந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றின் செலவு ஏறியிருக்கும் நிலையில் பழைய கடன் எல்லை போதாது என்று அங்கத்தவர்கள் நீண்ட காலமாகக் கூறி வருகின்றனர். அதே வேளையில், கடன் பெற்றவர் செலுத்தத் தவறினால் அத்தொகையைச் செலுத்தும் பொறுப்பு பிணையாளியைச் சாரும் என்பதை, உறவுக்காகவும் நட்புக்காகவும் கையொப்பமிடுவோர் பலர் பின்னரே உணர்கின்றனர். மூன்றாவது பிணையாளியைக் கோருவது கடனைக் கடினமாக்குவதற்காக அன்று. ஒருவர் தோளில் விழக்கூடிய சுமையைப் பங்கிடுவதற்காகவே. இத்திருத்தம் நிறைவேறுவதற்குச் சமூகமளித்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும். சபை ஏற்றுக்கொண்டாலும், கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளரால் பதிவுசெய்யப்பட்ட பின்னரே அது நடைமுறைக்கு வரும். திருத்தத்தின் முழு வாசகம் இவ்வறிவித்தலுடன் இணைக்கப்பட்டுள்ளது.

தற்போதைய செயற்குழுவின் பதவிக்காலம் இக்கூட்டத்துடன் முடிவடைகின்றது. தலைவர், செயலாளர், பொருளாளர் உட்பட ஒன்பது பதவிகளுக்குப் போட்டியிட விரும்புவோர், ஓர் அங்கத்தவர் முன்மொழிந்து இன்னோர் அங்கத்தவர் வழிமொழிந்த விண்ணப்பத்தை யூலை 4ஆம் திகதி நண்பகல் 12 மணிக்கு முன்னர் காரியாலயத்தில் கையளித்துப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளவும். போட்டி இருக்குமாயின் இரகசிய வாக்கெடுப்பு நடைபெறும். வாக்குகள் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தரின் முன்னிலையில் எண்ணப்படும். சேமிப்பிலும் கடன் மீளச் செலுத்துவதிலும் எமது பெண் அங்கத்தவர்கள் முன்னிற்கின்றபோதும் செயற்குழுவில் அவர்கள் குறைவாகவே உள்ளனர். அவர்களும் இளைஞர்களும் இம்முறை முன்வர வேண்டும் என்பது எமது மனமார்ந்த விருப்பம்.

பத்தாம் விடயத்தின் கீழ் பிரேரணை சமர்ப்பிக்க விரும்புவோர் அதனை எழுத்தில், யூலை 3ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு முன்னர் தரவும். எழுதித் தர இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால், காரியாலய எழுதுவினைஞர் எழுதி, அவருக்கு வாசித்துக்காட்டிக் கையொப்பம் பெறுவார்.

பங்கு எத்தனை இருந்தாலும் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கே உண்டு. துணைவிதியின்படி, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பி வாக்களிக்க முடியாது. ஆகவே கணவனும் மனைவியும் அங்கத்தவர்களாயின் இருவரும் வரவேண்டும். கடன் தவணை நிலுவையில் உள்ள அங்கத்தவர்கள் செயற்குழுவுக்குப் போட்டியிட முடியாதெனினும், கூட்டத்துக்கு வரவும், பேசவும், வாக்களிக்கவும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. நிலுவையைப் பற்றி மண்டபத்தில் எவரும் எவரையும் கேட்கமாட்டார்கள். அதற்காக வராமலிருந்துவிட வேண்டாம் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கின்றோம்.

வரும்போது சங்கச் சேமிப்புப் புத்தகத்தையும் தேசிய அடையாள அட்டையையும் கொண்டு வரவும். பதிவு காலை 8.30 மணிக்கு ஆரம்பமாகும். துணைவிதியின்படி கூட்டத்தை நடத்த ஐம்பது அங்கத்தவர்கள் சமூகமளித்திருக்க வேண்டும். காலை 10 மணி வரையில் அந்த எண்ணிக்கை சேராவிடின், கூட்டம் யூலை 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கும் அதே இடத்துக்கும் ஒத்திவைக்கப்படும். கொழும்பில் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் அங்கத்தவர்களின் வசதியைக் கருதியே ஞாயிற்றுக்கிழமை தெரிவுசெய்யப்பட்டுள்ளது. கோட்டையிலிருந்து வருவோர் அவிசாவளைக்குச் செல்லும் 122ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புவக்பிட்டியவில் இறங்கலாம். களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதையைப் பயன்படுத்துவோர் ஞாயிற்றுக்கிழமை நேர அட்டவணையை முன்கூட்டிப் பார்த்துக்கொள்வது நன்று.

கூட்டம் தமிழில் நடைபெறும். சிங்களம் பேசும் அங்கத்தவர்களுக்காக ஒவ்வொரு விடயமும் சிங்களத்திலும் விளக்கப்படும், அவர்கள் தமது மொழியிலேயே பேசலாம். முதியோருக்கும் நடக்கச் சிரமப்படுவோருக்கும் முன்வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. அவர்களை வீட்டிலிருந்து அழைத்து வர முச்சக்கர வண்டி தேவைப்பட்டால், யூலை 10ஆம் திகதிக்கு முன்னர் காரியாலயத்தில் தெரிவிக்கவும். செலவைச் சங்கம் ஏற்கும். சிறு பிள்ளைகளைத் தாராளமாக அழைத்து வரலாம், மண்டபத்தின் பின்னறையில் அவர்களைப் பார்த்துக்கொள்ள இருவர் இருப்பார்கள். காலைத் தேநீரும் பகலுணவும் வழங்கப்படும். உணவு மரக்கறி உணவாகவே இருக்கும். கூட்டம் பிற்பகல் 1.30 மணிக்குள் நிறைவுபெறும் வகையில் ஒழுங்குகள் செய்யப்பட்டுள்ளன.

மேலதிக விளக்கம் வேண்டுவோர் காரியாலயத்துக்கு வேலை நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரையும், சனிக்கிழமைகளில் நண்பகல் வரையும் வரலாம். இவ்வறிவித்தல் கிடைக்காத அங்கத்தவர் எவரையேனும் தாங்கள் அறிவீர்களாயின், அவரிடம் இதனைத் தெரிவித்து, காரியாலயத்துக்கும் அறியத்தந்தால் உதவியாக இருக்கும். முகவரி மாறியோரின் பதிவுகளைத் திருத்திக்கொள்ளவும் அது பயன்படும்.

செயற்குழுவின் கட்டளைப்படி,
செயலாளர்,
புவக்பிட்டியக் கிராமச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்.

இணைப்பு: துணைவிதித் திருத்தத்தின் முழு வாசகம்
பிரதிகள்: கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், சங்க அறிவித்தற் பலகை