பணிப்பாளர் சபைத் தீர்மானமும் அற்றோணித் தத்துவமும்: கையொப்பமிடுமுன் ஒரு விளக்கக் கடிதம்

யாழ்ப்பாணம்
14.03.2025

திருமதி சிவகாமி பரமேஸ்வரன் அவர்கள்,
பணிப்பாளர்,
பூவரசடி ஒடியல் உற்பத்தி (பிரைவேட்) லிமிட்டட்.

மதிப்புக்குரிய அம்மா,

எதிர்வரும் 22ஆம் திகதி சனிக்கிழமை நடைபெறவுள்ள பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் தங்கள் முன் வைக்கப்படவிருக்கும் இரண்டு ஆவணங்களும் ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றின் உள்ளடக்கத்தைத் தமிழில் எழுதித் தருமாறு தாங்கள் கேட்டிருந்தீர்கள். நொத்தாரிசு என்ற வகையில், ஒப்பமிடுபவருக்கு ஆவணத்தை வாசித்து விளக்கினேன் என்று அத்தாட்சியில் எழுதவேண்டியவன் நான். தாங்கள் கேளாதிருந்தாலும் இதை எழுதியே இருப்பேன்.

விடயம் தாங்கள் அறிந்ததே. கோயம்புத்தூரிலுள்ள உற்பத்தியாளர் ஒருவரிடமிருந்து ஒடியல் அரைக்கும் இயந்திரம் ஒன்றையும் பொதியிடும் இயந்திரம் ஒன்றையும் வாங்கக் கம்பனி உத்தேசித்துள்ளது. பணிப்பாளர்கள் மூவரில் எவரும் அங்கு சென்று தங்க இயலாததால், சென்னையில் வசிக்கும் திரு. நிரஞ்சன் அவர்கள் கம்பனிக்காக இயந்திரங்களைப் பரிசோதித்து, கொள்வனவு ஒப்பந்தத்தில் ஒப்பமிட வேண்டியுள்ளது. அவ்வாறு அவர் இடும் கையெழுத்து கம்பனியைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்கு ஓர் எழுத்து ஆதாரம் வேண்டும். அதுதான் அற்றோணித் தத்துவம். சென்னையில் இதையே பவர் பத்திரம் என்றும் அதிகாரப் பத்திரம் என்றும் சொல்வார்கள். தொலைபேசியில் அவர் 'பவர் எப்போது வரும்' என்று கேட்டால் இதைத்தான் கேட்கிறார்.

பிறகு தீர்மானம் எதற்கு என்ற கேள்வி எழும். தங்கள் பெயரிலுள்ள காணிக்குத் தாங்கள் தத்துவம் கொடுப்பதாயின் தங்கள் விருப்பமே போதும். கம்பனிக்கு அப்படியொரு மனம் இல்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி கம்பனியை நடத்தும் பொறுப்பு பணிப்பாளர் சபையிடம் உள்ளது. ஆகவே சபை கூடித் தீர்மானிப்பதே கம்பனியின் விருப்பம். தத்துவம் அந்த விருப்பத்தை வெளியாருக்கு எடுத்துச் சொல்லும் கடதாசி மட்டுமே. தீர்மானத்தில் இல்லாத அதிகாரம் ஒன்று தத்துவத்தில் இருக்குமானால், அதற்கு ஒப்பமிட்ட பணிப்பாளர்கள் சபை தராத ஒன்றைத் தாமாகக் கொடுத்தவர்கள் ஆவார்கள். ஆதலால் இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தீர்மானத்தின் தமிழ் வடிவம் வருமாறு:

"கம்பனிக்கென ஒடியல் அரைக்கும் இயந்திரம் ஒன்றையும் பொதியிடும் இயந்திரம் ஒன்றையும் மொத்தமாக 18 இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேற்படாத விலையில் கொள்வனவு செய்வதென்றும், அதன் பொருட்டுச் சென்னையில் வசிக்கும் திரு. நிரஞ்சன் அவர்களைக் கம்பனியின் அற்றோணியாக 2025 செப்ரெம்பர் 30ஆம் திகதி வரை நியமிப்பதென்றும், அவருக்கான சேவைக் கட்டணம் 60,000 இந்திய ரூபா என்றும், சபையின் முன் வைக்கப்பட்ட அற்றோணித் தத்துவ வரைவை அங்கீகரிப்பதென்றும், கம்பனியின் சார்பில் அதில் ஒப்பமிடுமாறு பணிப்பாளர்கள் இருவருக்கு அதிகாரமளிப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது. பணிப்பாளர் திரு. சண்முகநாதன் அவர்கள் அற்றோணியின் தந்தை என்ற வகையில் தமது அக்கறையை வெளிப்படுத்தி, வாக்களிக்காதிருந்தார்."

இதில் கடைசி வசனம் வெறும் சம்பிரதாயம் அன்று. தங்கள் கொழுந்தனாரான திரு. சண்முகநாதன் இதைக் கேட்டு மனம் சற்று வருந்தினார் என்று அறிகிறேன். அவர்மீது எவருக்கும் ஐயம் இல்லை. ஆனால் தம் பிள்ளை பணப்பயன் பெறும் ஒரு கொடுக்கல் வாங்கலில் தந்தையாகிய பணிப்பாளரும் அக்கறையுடையவராகவே சட்டத்தால் கருதப்படுகிறார். அதை அவர் சபைக்கு வெளிப்படுத்த, கம்பனியின் அக்கறைப் பதிவேட்டிலும் அது பதியப்பட வேண்டும். சட்டம் கேட்பது வெளிப்படுத்தலை. வாக்களிக்காதிருப்பது நமது கம்பனியின் அமைப்பு விதி கேட்பது. அதன் விளைவு யாதெனில், தீர்மானம் தங்களது வாக்கிலும் மூன்றாவது பணிப்பாளரது வாக்கிலுமே தங்கியுள்ளது. தத்துவத்திலும் தாங்கள் இருவருமே ஒப்பமிடுவீர்கள். 'அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று தாங்கள் இம்முறை ஒதுங்கியிருக்க முடியாது என்பதை மரியாதையுடன் சொல்லவேண்டியுள்ளது.

கொள்வனவின் பெறுமதி கம்பனியின் சொத்துகளின் பெறுமதியில் அரைவாசிக்கு மேற்பட்டால் பங்குதாரர்களின் விசேட தீர்மானமும் வேண்டியிருக்கும். 18 இலட்சம் இந்திய ரூபா நமது பணத்தில் ஏறத்தாழ 61 இலட்சம். கடைசிக் கணக்கறிக்கையின்படி அது அரைவாசிக்கு அண்மையிலும் இல்லை. அந்தக் கவலை வேண்டாம்.

இனித் தத்துவத்துக்கு வருகிறேன். அது நான்கு பக்கங்கள். முதற்பக்கம் கம்பனியின் பெயர், பதிவிலக்கம், அற்றோணியின் கடவுச்சீட்டு விபரம், தீர்மானத்தின் திகதி ஆகியவற்றைச் சொல்கிறது. இங்கே கவனிக்கவேண்டியது, அதிகாரம் கொடுப்பவர் கம்பனியே, தாங்கள் அல்ல. கையொப்பத்துக்கு மேலே 'கம்பனிக்காகவும் அதன் சார்பிலும்' என்ற பொருள்படும் சொற்கள் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிட்டே பேனாவை வையுங்கள். அந்தச் சொற்கள் இருப்பதாற்றான் இயந்திரத்தின் விலைக்குத் தாங்கள் தனிப்பட்ட முறையில் கடனாளி ஆவதில்லை. கொடுப்பது கம்பனியாகையால், நாளை தாங்கள் பதவி விலகினாலும் இந்தத் தத்துவம் தானாக முடிந்துபோகாது. அது சிலவேளை வசதி, சிலவேளை ஆபத்து.

இரண்டாம் பக்கத்தில் அதிகாரங்கள். இயந்திரங்களை ஓடவிட்டுப் பரிசோதித்தல், 18 இலட்சத்துக்கு உட்பட்டு விலை பேசுதல், இணைக்கப்பட்ட மாதிரியின்படி ஒப்பந்தத்தில் ஒப்பமிடுதல், ஏற்றுமதிக்கான பத்திரங்களைப் பெற்று எமக்கு அனுப்புதல். அவ்வளவே. முதலில் எனக்கு அனுப்பப்பட்ட வரைவில் 'கம்பனியின் சார்பில் வங்கிக் கணக்குத் திறக்கவும், கடன் பெறவும், வழக்குத் தொடரவும், சமரசம் செய்யவும்' என்ற தொடரும் இருந்தது. அது எங்கோ கிடந்த பொதுத் தத்துவம் ஒன்றிலிருந்து பிரதி பண்ணப்பட்டது. இயந்திரம் வாங்கச் செல்பவருக்குக் கடன் வாங்கும் அதிகாரம் எதற்கு? வெட்டிவிட்டேன். பணமும் அவர் கைக்குப் போகாது; யாழ்ப்பாணத்திலுள்ள நமது வங்கியில் எல்.சி. எனப்படும் நாணயக் கடிதம் திறந்து, வங்கிகளுக்கிடையிலேயே செலுத்தப்படும்.

மூன்றாம் பக்கத்திலுள்ள இரண்டு வாசகங்களில் சற்று நின்று வாசிக்கவேண்டும். ஒன்று: "மேற்கூறிய நோக்கங்களுக்கு அவசியமான ஏனைய எல்லாச் செயல்களையும் செய்வதற்கும்." இதை வாசிக்கும் எவரும் எல்லையற்ற அதிகாரம் என்று நினைப்பர். 'மேற்கூறிய நோக்கங்களுக்கு' என்ற சொற்களே இதன் கடிவாளம். முத்திரை ஒட்டுவது, கூரியர் அனுப்புவது போன்ற சில்லறைக் காரியங்களுக்காகவே இது தேவைப்படுகிறது. மற்றையது: "அற்றோணி இத்தத்துவத்தின்கீழ்ச் சட்டப்படி செய்யும் யாவற்றையும் கம்பனி ஏற்று உறுதிப்படுத்த உடன்படுகிறது." இது கனமான வாக்கியம். அவர் 17 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு ஒப்பமிட்டுவிட்டால், விலை கூடிவிட்டது என்று பின்னர் நாம் மறுக்க முடியாது. ஆகவே 18 இலட்சம் என்ற எல்லை அதிகமென்று தாங்கள் கருதினால், அதைக் குறைக்கும் இடம் சனிக்கிழமைக் கூட்டமே.

அற்றோணி தம் அதிகாரத்தை வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது என்றும், பரிசோதனை முடிந்து ஏழு நாள்களுக்குள் எழுத்தில் அறிக்கை தரவேண்டும் என்றும் சேர்த்துள்ளேன். சபை அதிகாரத்தை ஒப்படைத்தபின் கையைக் கழுவிவிட முடியாது. அவர் அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கண்காணித்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த அறிக்கை வந்தால் வாசியுங்கள், வாசித்ததைக் கூட்டறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.

தத்துவத்தைக் கம்பனி எந்நேரமும் இரத்துச் செய்யலாம். 'மீளப்பெற முடியாதது' என்ற சொல் வரைவில் இருந்ததையும் நீக்கியுள்ளேன். ஆயினும் இங்கே தீர்மானம் நிறைவேற்றி இரத்துச் செய்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, முகவரின் அதிகாரம் முடிந்த செய்தி மூன்றாந் தரப்பாருக்குத் தெரியவரும்வரை அவர்களைப் பொறுத்தவரை அது முடிந்ததாகாது. எனவே இரத்துச் செய்ய நேர்ந்தால் அதே நாளில் கோயம்புத்தூர் உற்பத்தியாளருக்கும் எழுதவேண்டும். மூலப் பிரதியையும் திருப்பி வாங்கவேண்டும்.

ஒப்பமிட்டபின் ஆவணம் கடல் கடந்து போகிறது. நொத்தாரிசு முன்னிலையிலோ இந்தியத் துணைத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ ஒப்பமிட்டு அத்தாட்சிப்படுத்தப்பட்ட தத்துவம் முறையாக நிறைவேற்றப்பட்டதென இந்திய நீதிமன்றங்கள் அனுமானிக்கும். 2024 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள அவர்களது புதிய சாட்சியச் சட்டமும் அவ்வாறே சொல்கிறது. யாழ்ப்பாணத்திலேயே துணைத் தூதரகம் இருப்பதால், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. எந்த மேசையில் எந்த முத்திரை என்பதை என் எழுதுவினைஞர் கவனித்துக்கொள்வார்.

ஒரு திகதியை மட்டும் தாங்களும் குறித்து வையுங்கள். வெளிநாட்டில் ஒப்பமிடப்பட்ட பத்திரம் இந்தியாவுக்குள் முதன்முதல் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அங்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதிய தத்துவம் ஒன்று சென்னையில் ஒருவரது அலுமாரிக்குள் ஐந்து மாதம் கிடந்தது. நான் நினைவூட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்று முதிய உடன்பிறப்புகள் மறுபடியும் என் அலுவலகப் படியேறி ஒப்பமிட நேர்ந்தது. அன்றிலிருந்து, பொதி போய்ச் சேர்ந்த திகதியைக் கோவையின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதி வைக்கிறேன்.

சனிக்கிழமை தேசிய அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் கொண்டு வாருங்கள். தாங்கள் வங்கியில் தமிழிலும் கடவுச்சீட்டில் ஆங்கிலத்திலும் ஒப்பமிட்டிருப்பதைக் கண்டேன். இந்த ஆவணத்தில் கடவுச்சீட்டில் உள்ளவாறே ஒப்பமிடவும். நான்கு பக்கங்களின் அடியிலும் சிற்றொப்பம், கடைசிப் பக்கத்தில் முழு ஒப்பம், இரண்டு மூலப் பிரதிகளிலும். கூட்டம் முடிந்து தீர்மானம் கூட்டறிக்கையில் எழுதப்பட்ட பின்னரே தத்துவத்தை மேசையில் வைப்பேன்; அதற்கு முன் எவர் நீட்டினாலும் ஒப்பமிட வேண்டாம். சாட்சிகள் இருவரும் கம்பனிக்கு வெளியிலிருந்து வருவார்கள்.

18 இலட்சம் என்ற எல்லையைப் பற்றித் தங்களுக்கு மாற்றுக் கருத்து இருப்பின் வியாழக்கிழமைக்கு முன் தெரிவித்தால், இரண்டு ஆவணங்களிலும் ஒரே தொகை வரும்படி திருத்தி எடுத்து வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. தவராசன்
சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும்