அன்புள்ள செல்விக்கு

துவாஸ், சிங்கப்பூர்
16.3.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள செல்விக்கு,

நலம். நீயும் பிள்ளைகளும் அம்மாவும் நலமா? கருப்பையா புதன்கிழமை ஊருக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அறையில் பன்னிரண்டு பேர் இருக்கும்போது இதைப் பேச வரவில்லை. உன் குரலைக் கேட்டால் பாதியை மறைத்துவிடுவேன் என்றும் தெரியும். மூன்று வாரமாக மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்காக என்னை மன்னித்துவிடு.

எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது.

தைப்பொங்கலுக்குப் பிறகு ராத்திரி நாலு தடவை எழுந்தேன். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டியது. வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தபோதுதான் விடுதிப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். வெறும் வயிற்றில் 11.2 என்றார்கள். இங்கே அளவு வேறு. அதை 18-ஆல் பெருக்கினால்தான் நம் ஊர்க் கணக்கு வரும், அதாவது 200-க்கு மேல். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட்டில் 8.9. அது 6.5 ஆனாலே சர்க்கரை நோய்தானாம்.

உனக்கு உடனே அப்பாவின் கால்தான் ஞாபகம் வரும். எனக்கும் அதுதான் வந்தது. முள் குத்தியதே தெரியாமல் நாலு நாள் வயலில் நடந்தார், கடைசியில் விரலை எடுத்தார்கள். டாக்டரிடம் அதைச் சொன்னேன். அப்பா மாத்திரையை விட்டு விட்டுப் போட்டதையும் சொன்னேன். "நீங்கள் இப்போதே பிடித்துவிட்டீர்கள், விடாமல் போட்டால் நிறைய தடுக்கலாம்" என்றார். கண்ணைப் படம் எடுத்தார்கள், சிறுநீரும் பார்த்தார்கள், இரண்டும் நன்றாக இருக்கின்றன. இதை இரண்டு தடவை படி.

மாத்திரை மெட்ஃபார்மின் 500. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டோடு. முதல் வாரம் வயிறு கலக்கியது, இப்போது இல்லை. சாரத்தில் ஏறுகிறவன் ஆயிற்றே, மேலே தலை சுற்றினால் என்ன செய்வது என்று கேட்டேன். இந்த மாத்திரை மட்டும் போட்டால் சர்க்கரை மிகவும் இறங்குவது அபூர்வம், ஆனால் பட்டினி கிடக்காதீர்கள் என்றார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் வைத்திருக்கிறேன்.

சாப்பாடுதான் பெரிய பாடு. கேட்டரிங்கில் விடியற்காலை கட்டித் தரும் பொட்டலத்தை மத்தியானம் பிரித்தால் மலைபோலச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி காய். அதை நிறுத்திவிட்டேன். மன்னார்குடித் தம்பி வீரமணியும் நானும் இரவே சமைக்கிறோம். தேக்கா மார்க்கெட்டில் கீரை, கேழ்வரகு மாவு எல்லாம் கிடைக்கிறது. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மிச்சத்தில் முட்டையோ மீனோ பயறோ. நாலரைக்கு எழுந்து, கேழ்வரகு அடை தின்று மாத்திரை போட்டு, ஆறு மணிக்கு லாரி. பத்து மணி டீக்கு இப்போது 'தே ஓ கொசோங்' என்று கேட்கிறேன், பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. முதல் நாள் கஷாயம் போல இருந்தது, பழகிவிட்டது. மத்தியானம் கடைசியாக வாங்கிக் குடிக்கும் அந்தக் குளிர்பான டின்னையும் விட்டுவிட்டேன். அதை விடுவதுதான் சிரமமாக இருந்தது, செல்வி. வெயிலில் இறங்கி வந்ததும் கை தானாக அங்கே போகும். இரவு சாப்பிட்டதும் விடுதி மைதானத்தில் அரை மணி நேரம் நடை.

படுக்கும் முன் கால் பார்க்கிறேன். நாள் முழுக்கப் பூட்ஸுக்குள் வெந்து கிடக்கும் கால். கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்து, வீரமணியின் சவரக் கண்ணாடியைக் கட்டிலில் வைத்து உள்ளங்காலை அதில் பார்ப்பேன். போன வாரம் குதிகாலில் ஒரு கொப்புளம். மறுநாளே காட்டி மருந்து போட்டேன், ஆறிவிட்டது.

உன் அண்ணன் ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் என்று ஏதாவது சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டேன் என்று நீயே சொல்லிவிடு. கருப்பையா திரும்பும்போது அதிரசம் வேண்டாம், பச்சைப்பயறும் கொள்ளும் கொடு. அம்மாவுக்கு இப்போது சொல்லாதே, நான் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

உனக்கும் ஒரு வேலை. மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் சொல்லி, நீயும் ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள். கவிதா பிறந்தபோது உனக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது, அப்படி இருந்தவர்களுக்குப் பின்னால் வரலாமாம். தள்ளிப் போடாதே.

மே கடைசியில் எனக்கு மறுபடி டெஸ்ட். ரிப்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பீரோவில் அப்பாவின் பழைய சீட்டுகள் இருக்கும் பையில் போடாமல் தனியாக வை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் சாயங்காலம் ஆறரைக்கு மைதானத்தில் தனியாக நின்று கூப்பிடுகிறேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேள். அழுகை வந்தால் அழு, போனை மட்டும் வைத்துவிடாதே.

உன்
முருகேசன்