ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணச் சரிபார்ப்பு: விடுபட்ட ஆவணங்களைக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
மனிதவள அலுவலர்,
ஓசூர் ஆலை.

பெறுநர்:
உரிமையாளர்,
சரக்கு ஏற்றி இறக்கும் பணி ஒப்பந்த நிறுவனம்,
ஓசூர்.

நாள்: 08.08.2024

பொருள்: 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான ஆவணச் சரிபார்ப்பு – விடுபட்ட ஆவணங்களை ஒப்படைக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் கிடங்கில் தங்கள் மூலம் பணியாற்றும் தொழிலாளர்கள் தொடர்பாகத் தாங்கள் ஒப்படைத்த கோப்பு, இம்மாதம் 5, 6 ஆகிய தேதிகளில் எங்கள் வாயில் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. ஏப்ரல் மாத ஆவணங்கள் முழுமையாக உள்ளன. அடுத்த இரு மாதங்களில் கண்ட குறைகளைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

ஜூன் மாத வருகைப் பதிவேட்டில் 42 பேர் இருக்க, அம்மாத வருங்கால வைப்பு நிதிக்கான ஈசிஆர் பட்டியலில் 38 பேர் மட்டுமே உள்ளனர். மே மாத இறுதியில் பணியில் சேர்ந்த நால்வரின் பெயர்கள் அதில் இல்லை. ஆனால் சம்பளப் பட்டியலில் அவர்களிடமிருந்தும் 12 சதவீதம் பிடித்தம் செய்யப்பட்டுள்ளது. பிடித்த தொகை செலுத்தப்பட்டதற்கான சலானும், நால்வரின் யுஏஎன் விவரமும் தேவை.

இதே நால்வருக்கு இஎஸ்ஐ எண்ணும் இல்லை. அவர்களுள் ஒருவர் ஜூன் 19 அன்று லாரியிலிருந்து டிரம் இறக்கும்போது வலது கை மோதிர விரல் நசுங்கி, தனியார் மருத்துவமனையில் சொந்தப் பணத்தில் சிகிச்சை பெற்றிருப்பது தங்கள் கோப்பிலுள்ள ரசீதிலிருந்தே தெரிகிறது. பணியிடக் காயத்திற்கான இஎஸ்ஐ பலன், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே தொழிலாளிக்கு உண்டு என்பதால், இவருக்குரியது இனியும் தாமதமாவதை ஏற்க இயலாது. இவருடைய பதிவுச் சான்றையும் விபத்து அறிக்கையின் நகலையும் மற்ற ஆவணங்களுக்காகக் காத்திராமல் வரும் 12ஆம் தேதிக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

தங்கள் ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் 40 பேருக்கானது. எண்ணிக்கையை உயர்த்தித் திருத்தம் பெற்றதற்கான ஆணையோ, விண்ணப்பித்த ஒப்புகையோ கோப்பில் இல்லை. ஜூன் சம்பளம் வங்கி வழியாக வழங்கப்பட்டதற்கான பட்டியலும், மூன்று தொழிலாளர்களின் வயதுச் சான்றும் விடுபட்டுள்ளன. மாதம் 23,000 ரூபாய் பெறுவதால் இஎஸ்ஐ வரம்பிற்குள் வராத தங்கள் மேற்பார்வையாளருக்கான இழப்பீட்டுக் காப்பீடு ஜூன் 30 அன்று காலாவதியாகிவிட்டது. புதுப்பித்த பாலிசியின் நகல் வேண்டும்.

இவை அனைத்தையும் 16.08.2024 வெள்ளிக்கிழமை மாலைக்குள், தங்கள் கையொப்பமும் முத்திரையும் இட்டு ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்ததாரர் செலுத்தத் தவறும் சம்பளத்திற்கும் வைப்பு நிதிக்கும் இஎஸ்ஐ சந்தாவுக்கும் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் எங்கள் ஆலையே சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியிருப்பதால், ஆவணங்கள் வந்துசேரும்வரை தங்கள் ஜூலை மாத பில் கணக்குப் பிரிவுக்கு அனுப்பப்படாது. பில் நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டித் தொழிலாளர்களின் சம்பளத்தைத் தாமதப்படுத்தக் கூடாது.

யுஏஎன் பதிவில் ஆதார் விவரம் பொருந்தாத சிக்கல் இருப்பின், சம்பந்தப்பட்ட தொழிலாளரை எந்த வேலை நாளிலும் பிற்பகல் 3 மணிக்கு மேல் எங்கள் அலுவலகத்திற்கு அனுப்பலாம். உடனிருந்து சரிசெய்து தருகிறோம்.

இப்படிக்கு,
மனிதவள அலுவலர்

நகல்: கிடங்கு மேலாளர், கணக்குப் பிரிவு