எங்களப் பத்தி: ஆத்தங்குடில மூணு தலைமுறையா பூக்கல் ஊத்துறோம்

காரைக்குடிலருந்து ஆத்தங்குடிக்குள்ள நுழைஞ்சாலே ரோட்டோரமா பட்டறைங்க வரிசையா தெரியும், வாசல்ல செவப்பு, பச்சை, மஞ்சள்னு தரைக்குப் போடுற பூக்கல்ல சாத்தி வச்சிருப்பாங்க. அதுல ஒண்ணு எங்களோடது. 1964ல எங்க ஐயா ஆரம்பிச்சாங்க, அவங்களுக்கப்புறம் அப்பா, இப்ப அப்பாவும் நானும் சேந்து பாத்துக்குறோம்.

ஐயா முதலாளியா பொறந்தவங்க இல்ல. இன்னொருத்தர் பட்டறைல மணல் சலிக்கிற வேலைக்குப் போய், அப்புறம் கலவை போட கத்துக்கிட்டு, கடைசியா அச்சு பிடிச்சு ஊத்துற கைக்கு வந்தவங்க. தனியா வந்தப்ப கையில இருந்தது ரெண்டே ரெண்டு அச்சு, ஒண்ணு எட்டு இதழ் பூ, இன்னொண்ணு ஓரத்துக்குப் போடுற கொடி. ரெண்டும் இன்னைக்கும் வேலை செய்யுது. அந்தக் கொடி அச்சுல ஊத்துன பார்டர போன மாசம்தான் பெங்களூருக்கு அனுப்பினோம்.

செட்டிநாட்டு வீடுகளப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பர்மா தேக்கு தூண், இத்தாலி மார்பிள், ஜப்பான்லருந்து வந்த செவத்துக் கல்லுன்னு உலகம் பூரா போயி வாங்கிட்டு வந்து கட்டுனது. அதே வீட்டுக்குள்ள நடந்து பாத்தீங்கன்னா முகப்பு, பட்டாசாலைன்னு பல எடத்துல தரையில கெடக்குறது உள்ளூர்க் கையில ஊத்துன பூக்கல்லு. நகரத்தார் பர்மா, மலேயான்னு கொண்டு விக்கப் போன காலம் இரண்டாம் உலகப் போரோட கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு, அதோட புதுசா பெரிய வீடு கட்டுறதும் கொறஞ்சு போச்சு. ஐயா பட்டறை போட்டப்ப அரண்மனை ஆர்டரெல்லாம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாடி ஒடஞ்ச கல்ல மாத்தணும், முன்கட்டுக்கு மட்டும் புதுசு போடணும்னு சின்னச் சின்ன வேலைதான், அத வச்சுத்தான் எங்க குடும்பம் வளந்துச்சு. பழைய கல்லுக்குப் பக்கத்துல புதுக் கல்ல வித்தியாசம் தெரியாம உக்கார வைக்கிற பழக்கம் அப்ப வந்தது, அதுதான் இன்னைக்கும் எங்க பலம்னு நான் நெனைக்கிறேன்.

எப்படி செய்றோம்னு சொல்லிடுறேன், ஏன்னா நெறைய பேர் இத செராமிக் மாதிரி சூளைல சுட்டு எடுக்குறதுன்னு நெனைச்சுட்டு வர்றாங்க. இதுக்கு சூளையே கிடையாது. மொதல்ல ஒரு கண்ணாடி, அதத் துணியால பளிச்சுன்னு துடைக்கணும், ஒரு விரல் ரேகை இருந்தாக்கூட அது கல்லோட முகத்துல வந்து உக்காந்துக்கும். கண்ணாடி மேல இரும்புச் சட்டம், சட்டத்துக்குள்ள தகட்டு அச்சு. வெள்ளை சிமெண்ட், ஆக்சைடு கலர், சலிச்ச நைஸ் மணல் மூணும் சேந்த கூழ கரண்டியால எடுத்து அச்சோட ஒவ்வொரு அறையிலயும் ஊத்துவாங்க, செவப்பு ஒரு அறை, மஞ்சள் ஒரு அறைன்னு. கூழ் ரொம்பத் தண்ணியா இருந்தா ஒரு கலர் இன்னொண்ணுக்குள்ள ஓடிரும், கெட்டியா இருந்தா மூலைக்குப் போகாது, அந்தப் பதம் அளவு கப்புல வர்றதில்ல, கரண்டிலருந்து விழுற வேகத்தப் பாத்தே சொல்லிருவாங்க. அப்புறம் அச்ச நேரா மேல தூக்கணும், கை கொஞ்சம் சாஞ்சாலும் கோடு கலங்கிரும். அதுமேல காஞ்ச சிமெண்ட் மணல தூவுனா அது ஈரத்த உறிஞ்சுக்கும், அதுக்கு மேல கலவை போட்டு கரண்டியால தேச்சு சமம் பண்ணிட்டு சட்டத்த எடுத்துருவோம்.

ஒரு நாள் அப்படியே நிழல்ல இருக்கும். அடுத்து கண்ணாடியோடயே தண்ணித் தொட்டில எறக்கி சில நாள் ஊற விடுவோம், எடுத்து காய வச்சா கல்லு இறுகி கண்ணாடி தானா விட்டுரும். அதத் திருப்பிப் பாக்குறப்ப வர்ற மினுமினுப்பு இருக்கு பாருங்க, அதுக்கு பாலீஷும் கிடையாது, மேல பூச்சும் கிடையாது, கண்ணாடியோட வழவழப்ப சிமெண்ட் அப்படியே வாங்கிக்கிட்டது. கை தேர்ந்தவங்க சில டிசைன அச்சே இல்லாம கையாலயே கூழ இழுத்து வரைஞ்சுருவாங்க, எங்க பட்டறைல அது தெரிஞ்ச ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க ஊத்துற கல்லு ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது, அத விரும்பிக் கேக்குறவங்களுக்கு மட்டும் தனியா செஞ்சு தர்றோம்.

அப்பா காலம்தான் ரொம்ப கஷ்டமான காலம். மொதல்ல மொசைக் வந்துச்சு, அப்புறம் கிரானைட், அதுக்கப்புறம் பெட்டி பெட்டியா வர்ற விட்ரிஃபைடு டைல்ஸ். காலைல கடைக்குப் போயி சாயங்காலம் வீட்ல எறக்கிரலாம்னு ஆனப்பறம், மூணு வாரம் பொறுங்கன்னு சொல்ற எங்ககிட்ட யாரு வருவா. பல குடும்பம் தொழில விட்டுட்டு திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போயிருச்சு. அவங்க அச்சையெல்லாம் பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போட்டாங்க, அப்பா கையில காசு இருக்குறப்பல்லாம் அதப் போயி வாங்கிட்டு வந்து பரண்ல அடுக்கிருவாங்க. அப்பத்தா, ஓடாத தொழிலுக்கு இவ்வளவு அச்சு எதுக்குடான்னு கேப்பாங்களாம். அப்பா பதில் பேசாம சிமெண்ட் ஜன்னல் ஜாலியும் செடித் தொட்டியும் வார்த்து வித்து, அந்தப் பணத்துல ஆளுங்க கூலியக் கொடுத்து பட்டறைய மூடாம வச்சிருந்தாங்க. அன்னைக்கு அப்பா சேத்த அச்சு இல்லேன்னா இன்னைக்கு நாங்க நாலு டிசைனோட நின்னுருப்போம். இப்ப எங்ககிட்ட இருக்குறது நூத்துக்கு மேல.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள ஹோட்டலா மாத்த ஆரம்பிச்சப்பதான் காத்து திரும்புச்சு. தங்க வந்தவங்க தரையப் பாத்துட்டு இது எங்க கெடைக்கும்னு கேட்டாங்க, பின்னாடியே சென்னை, பெங்களூர் ஆர்க்கிடெக்ட்டுங்க வந்தாங்க.

நான் சிவில் படிச்சுட்டு சென்னைல சைட் இன்ஜினியரா வேலை பாத்தவ. சைட்ல நின்னப்ப புரிஞ்ச விஷயம், ஆத்தங்குடி கல்லு மேல வர்ற புகார்ல பாதி கல்லால வர்றதில்ல, போடுற விதத்தால வர்றது. ஒரு சைட்ல கல்லப் பதிச்சு முடிச்சதும் கறைய எடுக்குறேன்னு மேஸ்திரி ஆசிட்ட ஊத்தித் தேச்சுட்டாரு, ஒரே நாள்ல மொத்த ஹாலும் வெளுத்துப் போச்சு. இன்னொரு எடத்துல தரைய முடிச்சுட்டு அப்புறமா செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சாங்க, அது கல்லு மேல சிந்திக் கறையாயிருச்சு. கல்லு நல்லா இருந்தும் வீட்டுக்காரங்களுக்கு மனசு ஒடஞ்சு போச்சு. ஊருக்குத் திரும்பி வந்து அப்பாகிட்ட நான் சொன்னது ஒண்ணுதான், ஊத்துற மொறையில கை வைக்க வேண்டாம்ப்பா, கல்லு நம்ம பட்டறைய விட்டு வெளிய போனதுக்கப்புறம் நடக்குறதையும் நம்மளே எடுத்துக்குவோம்.

அதனால இப்ப எங்ககிட்ட வேலை நடக்குற விதம் இது. உங்க ரூமோட அளவையும் போட்டோவையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, நான் ஸ்கேலுக்கு லேஅவுட் போட்டுத் தர்றேன், நடுவுல பூ எத்தனை, ஓரத்துல பார்டர் எங்க திரும்புது, கதவுகிட்ட எந்தக் கல்லு வெட்டுப்படும்னு எல்லாமே அதுல தெரியும். அச்சுக்கெல்லாம் நம்பர் போட்டு கேட்டலாக் வச்சிருக்கோம். கலர உங்க வீட்டு வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும், போன் ஸ்க்ரீன்ல தெரியுற செவப்பு வேற, தரையில கெடக்குற செவப்பு வேற, அதனால மூணு சாம்பிள் கல்ல முன்னாடியே அனுப்பிருவோம், ஆர்டர் போட்டா அந்தக் காசு பில்லுல கழிஞ்சுரும். ஒரு வீட்டுக்கு வேண்டிய கலர ஒரே தடவைல கலந்து வச்சுக்குவோம், ரெண்டு தடவை கலந்தா ஷேடு லேசா மாறும்ங்கறதால.

கணக்குக்கு சொல்றேன், 100 சதுர அடிக்கு எட்டு இஞ்ச் கல்லுன்னா 225, பத்து இஞ்ச்னா 144, பன்னெண்டு இஞ்ச்னா சரியா 100 கல்லு வேணும். அதுக்கு மேல நூத்துக்கு அஞ்சு சேத்துப் போடுவோம், வெட்டுறதுக்கும் ஒடைசலுக்கும். பத்து இஞ்ச் கல்லு ஒண்ணு கிட்டத்தட்ட மூணு கிலோ வரும், மாடில போடுறவங்க இத உங்க இன்ஜினியர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க. ஒரு சாதாரண ஹாலுக்கு ஆர்டர் கொடுத்த நாள்லருந்து நாலு வாரம் ஆகும், மழை மாசம்னா இன்னும் ஒரு வாரம். இத அவசரப்படுத்தித் தர மாட்டோம், தண்ணில ஊற வேண்டிய கல்ல பாதில எடுத்தா பின்னாடி ஓரம் ஓரமா உதிரும்.

பதிக்கிறதுக்கு எங்க ஆளுங்களே வருவாங்க, தமிழ்நாடு பூரா, கேரளா, பெங்களூர் வரைக்கும். அதுக்கு மேல தூரம்னா மரச்சட்டப் பெட்டில பேக் பண்ணி லாரில ஏத்திட்டு, உங்க கொத்தனாரோட வீடியோ கால்ல நான் நிப்பேன். பெயிண்ட், கதவு, எலக்ட்ரிக்கல்னு எல்லா வேலையும் முடிஞ்சதுக்கப்புறம் கடைசியாதான் தரை. முடிஞ்சதும் ஈரத்துணியால துடைச்சுட்டு துளித்துளியா தேங்கா எண்ணெய் விட்டு துணியால தேய்ங்க, மொத சில வாரத்துக்கு அப்பப்ப இதப் பண்ணுனா போதும், அதுக்கப்புறம் வீட்ல ஆளு நடக்க நடக்க தானா மினுக்கு ஏறும். ஆசிட் மட்டும் கிட்டயே வரக்கூடாது.

எங்க போடக்கூடாதுங்கறதையும் நாங்களே சொல்லிருவோம். கிச்சன் மேடைக்கு வேண்டாம், எலுமிச்ச, புளித்தண்ணி பட்டா தழும்பு விழும். எந்நேரமும் ஈரமா இருக்குற பாத்ரூம் தரைக்கும் வேண்டாம். நாள் பூரா வெயிலும் மழையும் படுற மொட்டை மாடிக்குக் கேட்டாலும் தர மாட்டோம், கலர் மங்கிரும். ஹால், பூஜை ரூம், திண்ணை, கடை, கஃபே இங்கல்லாம் தாராளமா போடலாம்.

பழைய வீட்டுக்காரங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். உங்க தாத்தா வீட்டுத் தரையில பத்துக் கல்லு ஒடஞ்சு போச்சுன்னா மொத்தத்தையும் பேத்து எடுத்துறாதீங்க. ஒடஞ்ச துண்டு ஒண்ண அனுப்புங்க, அச்சு எங்க பரண்ல இருந்தா அதுல ஊத்துவோம், இல்லேன்னா தகடு வளைச்சு புது அச்சே அடிச்சுத் தர்றோம், பத்துக் கல்லா இருந்தாலும் செய்வோம். பழசு தேஞ்சு கலர் எறங்கியிருக்கும், அதுக்குத் தக்கன புதுக் கலரையும் கொறச்சுக் கலப்போம். இதுல எங்களுக்கு லாபம் பெருசா நிக்காது. ஆனா இதுதான் ஐயா ஆரம்பிச்ச வேலை, இத நிறுத்த எங்களுக்கு மனசில்ல.

பட்டறைல இப்ப பதினாலு பேர் வேலை பாக்குறாங்க, அதுல ஆறு பேர் பொம்பளைங்க. முன்னெல்லாம் பொம்பளைங்கள மணல் சலிக்கவும் தண்ணி ஊத்தவும் மட்டும்தான் வைப்பாங்க, இங்க மூணு பேர் அச்சு பிடிக்கிறாங்க, அச்சு பிடிக்கிற ஆம்பளைங்களுக்கு என்ன கூலியோ அதேதான் அவங்களுக்கும்.

ஞாயித்துக்கெழம தவிர எல்லா நாளும் பட்டறை தொறந்திருக்கும். கல்லு ஊத்துறதப் பாக்கணும்னா காலைல பத்து மணிக்குள்ள வாங்க, மதியத்துக்கு மேல வெறும் கலவையும் காயப் போடுறதும்தான் நடக்கும். புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, ஆளுக்கு ஒரு கல்லு அவங்களே ஊத்தலாம், காஞ்சதும் பேர எழுதி பார்சல்ல அனுப்பிருவோம்.