பென்சிலும் பாஸ் புத்தகமும்

தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். வழுக்கி விழுந்தால் ஒரு இனம், சிக்கி நின்றால் வேறு இனம். தென்னாப்பிரிக்காவில் ஒருவரின் இனத்தில் சந்தேகம் வந்தால் அதிகாரிகள் இப்படியும் முடிவு செய்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு இனமாகப் பதிவானதும் உண்டு.

அபார்ட்ஹெய்ட் என்ற இனப் பிரிவினை ஆட்சிக்கு அந்தப் பதிவுதான் அஸ்திவாரம். நிலத்தை 1913-லேயே பறிக்கத் தொடங்கிவிட்டார்கள்: மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருந்த கறுப்பர்களுக்கு ஏறக்குறைய 7 சதவீத நிலம்தான். 1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1949-ல் கலப்புத் திருமணத்துக்குத் தடை. 1950-ல் எல்லோரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம், அதே ஆண்டில் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம். 1953-ல் பெஞ்சும் பஸ்ஸும் பள்ளிப் பாடமும் பிரிந்தன. யார் எந்த இனம் என்ற ஏடு இல்லாமல் இதில் எதையும் முழுமையாக அமல்படுத்த முடியாது. டர்பனில் கேட்டோ மேனரில் வீடும் தோட்டமுமாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போனதும் இந்தக் குடியிருப்புச் சட்டத்தால்தான்.

நகரத்தில் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி உண்டா என்று காட்டும் பாஸ் புத்தகத்தைக் கறுப்பர்கள் 16 வயதிலிருந்து கையிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. அனுமதி இல்லாதவர் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். கடைக்குப் போகும்போது பாஸை வீட்டில் மறந்தவரும் சிறைக்குப் போனார். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் மக்கள் வேண்டுமென்றே பாஸை வீட்டில் வைத்துவிட்டு, 'எங்களைக் கைது செய்யுங்கள்' என்று போலீஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். பலருக்கு முதுகில் குண்டு.

இந்தச் சட்டங்களை ஆள்பவர்கள் மனம் இளகி நீக்கியதாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. 1976-ல் ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பர் பகுதியான சொவெட்டோவின் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்புறம் வேலைநிறுத்தங்கள், வெளிநாட்டுப் பொருளாதாரத் தடைகள். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்களை எத்தனை முறை பிடித்து அனுப்பினாலும் திரும்பி வந்தார்கள். பாஸ் சட்டத்தை மக்கள் நடந்து நடந்தே தேய்த்துவிட்டார்கள். 1986-ல் அரசு அதைக் கைவிட்டது. 1990-ல் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். 1991-ல் நிலச் சட்டம், குடியிருப்புச் சட்டம், இனப் பதிவு மூன்றும் ரத்தாயின. 1994 ஏப்ரலில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தார்கள்.

சரி, இடித்த வீடு? கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை 1966-ல் வெள்ளையர் பகுதியாக அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, புல்டோசர் விட்டார்கள். அந்த நிலத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் வெறும் புல்லாகவே கிடந்தது. 2004-ல்தான் முதல் இருவர் திரும்பி வந்து புது வீட்டுச் சாவியை மண்டேலாவின் கையால் வாங்கினார்கள். இருவருக்குமே அப்போது 80 வயது தாண்டியிருந்தது.