பதிவுத் தேர்வுக்கான பயிற்சிக் கேள்விகள்: கதிரளவு, பாதுகாப்பு, நோயாளியை நிறுத்தும் விதம்

ஊரில் ரேடியோகிராபி படித்துவிட்டு டர்பனுக்கு வந்து, எச்.பி.சி.எஸ்.ஏ. பதிவுக்குத் தேர்வு எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தாள் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் காரணம் தாய்மொழியில் மனதில் பதிந்துவிட்டால், எழுதும்போது ஆங்கிலம் தானே கைக்கு வரும். விடையைக் கையால் மூடிக்கொண்டு முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

கேள்வி 1. கதிர்ப் பாதுகாப்பின் மூன்று கோட்பாடுகள் எவை? நோயாளிக்குப் பொருந்தாதது எது?

நியாயப்படுத்தல், உகந்த அளவாக்கல், அளவு வரம்பு. மூன்றாவது நோயாளிக்கு இல்லை. அவருக்கு உண்மையிலேயே தேவையான படத்தை, "வருட வரம்பு முடிந்துவிட்டது" என்று யாரும் மறுக்க முடியாது. அதனாலேயே முதல் இரண்டின் பாரமும் நம் தலையில் விழுகிறது.

கேள்வி 2. வரம்புகளைச் சொல்லுங்கள்.

கதிர்த்துறைப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக் கூடாது. கண் வில்லைக்கும் இதே எண்கள்தான். பழைய புத்தகத்தில் கண்ணுக்கு 150 என்று இருந்தால் அடித்துவிடுங்கள், 2011-இல் ஐ.சி.ஆர்.பி. அதைக் குறைத்துவிட்டது. கை, கால், தோலுக்கு 500. பொதுமக்களுக்கு 1. கர்ப்பமாக இருப்பதாகத் தெரிவித்த பணியாளரின் வயிற்றுக் குழந்தைக்கு, மீதிக் காலம் முழுவதற்கும் 1.

கேள்வி 3. வார்டில் மொபைல் எக்ஸ்ரே. நோயாளியிலிருந்து 1 மீட்டரில் சிதறு கதிர் 4 மைக்ரோசீவர்ட் என்றால், 2 மீட்டரில் எவ்வளவு?

1 மைக்ரோசீவர்ட். தூரம் இரண்டு மடங்கானால் அளவு கால் பங்கு. ஏப்ரன் மாட்டியாகிவிட்டது என்ற தைரியத்தில் கட்டிலோடு ஒட்டி நிற்பவர்களைப் பார்க்கிறேன். ஸ்விட்சின் கயிறை முழுதாக இழுத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள், ஏப்ரனும் இருக்கட்டும்.

கேள்வி 4. நெஞ்சு எக்ஸ்ரேயை ஏன் பி.ஏ.யாக, 180 செ.மீ. தூரத்தில் எடுக்கிறோம்?

இந்த மாகாணத்தில் காசநோய் அதிகம். நீங்கள் அதிகம் எடுக்கப்போவது நெஞ்சுப் படம்தான், எனவே இதில் கொஞ்சம் நிற்போம்.

இதயம் முன்பக்கம் இருக்கிறது. நெஞ்சை டிடெக்டரோடு ஒட்டி நிறுத்தினால் இதயம் அதற்கு அருகில் வரும், நிழல் பெரிதாகாது. தோளை முன்னால் உருட்டினால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகும். நிமிர்ந்து நிற்பதால் உதரவிதானம் இறங்கும், நீர் கோத்திருந்தால் மட்டமும் தெரியும். மார்பகமும் தைராய்டும் கதிர் நுழையும் பக்கத்தில் இல்லாமல் வெளியேறும் பக்கத்தில் இருப்பதால் அவற்றுக்கான அளவும் குறைகிறது.

தூரத்தைப் பற்றிய கேள்வி வேறு வடிவத்தில் வரும்: 100 செ.மீ.யில் 4 mAs போதும் என்றால், 180 செ.மீ.யில் எவ்வளவு?

```
mAs₂ = mAs₁ × (D₂ / D₁)²
     = 4 × (180 / 100)² = 4 × 3.24 ≈ 13
```

உடனே ஒரு பொறி வைப்பார்கள்: "எம்.ஏ.எஸ். மூன்று மடங்குக்கு மேல் ஏறியதே, நோயாளிக்கும் மூன்று மடங்கு கதிரா?" இல்லை. டிடெக்டருக்கு வருவது அதே அளவுதான். 25 செ.மீ. தடிமன் உள்ள நெஞ்சென்றால், தோலில் விழும் அளவு நேர்மாறாகக் கால் பங்குபோலக் குறையும். அருகிலிருந்து எடுக்கும்போது தோல் குழாய்க்கு மிக நெருக்கமாகிவிடுகிறது என்பதே காரணம்.

கேள்வி 5. சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா, வயது 78. குளியலறையில் வழுக்கி விழுந்தவர். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. என்னென்ன படம், எப்படி?

இடுப்புக்கு ஏ.பி. வழக்கமாகப் பாதங்களை 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்புவோம், தொடை எலும்பின் கழுத்து முழு நீளத்தில் தெரியட்டும் என்று. இங்கே அடிபட்ட காலைத் தொடவே கூடாது. பக்கவாட்டுப் படத்துக்குத் தவளைக் கால்போல மடக்கச் சொல்வதும் கூடாது. கிடைமட்டக் கதிர்: நல்ல காலைத் தூக்கித் தாங்கியில் வைத்து, டிடெக்டரை அடிபட்ட பக்கத்தில் இடுப்பு எலும்பின் விளிம்புக்கு மேல் செங்குத்தாக, தொடைக் கழுத்துக்கு இணையாக நிறுத்தி, கதிரைக் கழுத்துக்குச் செங்குத்தாகச் செலுத்துங்கள். ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடீரென்று நல்ல காலைத் தூக்கினால் பயந்துபோய் உடம்பையே அசைத்துவிடுவார்.

கேள்வி 6. குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்று சந்தேகம், நோயாளியால் நிற்க முடியாது. எந்தப் பக்கம் படுக்க வைப்பீர்கள்?

இடப்பக்கம் கீழே. காற்று மேலேறி ஈரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையில் நிற்கும். வலப்பக்கம் கீழே என்றால் இரைப்பைக் காற்றோடு கலந்து குழப்பும். பத்து நிமிடம் அப்படியே கிடக்க விடுங்கள், காற்று ஏற நேரம் வேண்டாமா?

கேள்வி 7. முதுகுத்தண்டு வளைந்த 14 வயதுப் பெண், ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம். பி.ஏ.யா, ஏ.பி.யா?

பி.ஏ. வளரும் மார்பகத்துக்குத் திசு எடை 0.12, நுரையீரலுக்கும் செம்மஜ்ஜைக்கும் உள்ள அதே எண். தண்டு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் தெரியட்டும், வளைவின் கோணம் அதனால் மாறாது.

கேள்வி 8. கர்ப்பிணி, நிமோனியா சந்தேகம். மருத்துவர் நெஞ்சுப் படம் கேட்கிறார், குடும்பத்தார் வேண்டாம் என்கிறார்கள்.

எடுக்கலாம். கதிர்ப்புலத்தை நெஞ்சோடு சுருக்கினால் குழந்தைக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. பிறவிக் குறைபாடு பற்றிய பேச்சு 100 மில்லிகிரே அளவுக்கு மேல்தான் எழுகிறது. குழந்தைக்கு அதைவிட ஆபத்தானது அம்மாவின் சிகிச்சை பெறாத நிமோனியா. மாமியாரிடம் எண்களை அடுக்காதீர்கள், இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னால் போதும்.

அடுத்து பரிசோதகர் "இனப்பெருக்க உறுப்புக்கு ஈயக் கவசம் கட்டாயமா?" என்று கேட்கலாம். வழக்கமாக எல்லாருக்கும் வைப்பதை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் அறிவித்தது. கவசம் தவறி இடுப்பெலும்பை மறைத்தால் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டிவரும். தானியங்கி அளவுக் கருவிமேல் விழுந்தால் கதிர் கூடும். உங்கள் துறையின் விதியைச் சொல்லி, காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி 9. திரையில் DI +3 என்று காட்டுகிறது. படம் அழகாக இருக்கிறது. என்ன நடந்தது?

இலக்கைவிட இரண்டு மடங்கு கதிர் போயிருக்கிறது. பிலிம் காலத்தில் அதிகம் கொடுத்தால் படம் கறுத்துப்போய் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டல் காட்டிக்கொடுப்பதில்லை, இரைச்சல் குறைந்து இன்னும் பளிச்சென்று தெரியும். ஒவ்வொருவரும் "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று ஏற்ற, துறை முழுக்க அளவு ஏறிவிடும். படத்தைப் பார்ப்பதற்கு முன் எண்ணைப் பாருங்கள்.

கேள்வி 10. நோயாளிக்கான அளவை இரண்டு மடங்காக்கும் மிக எளிய வழி எது?

திரும்ப எடுப்பது. இங்கே வந்த முதல் மாதம் ஒரு ஜூலு முதியவரிடம் ஆங்கிலத்தில் மூச்சை இழு, பிடி என்றேன். தலையாட்டினார், மூச்சை விட்டார். நுரையீரல் பாதிதான் விரிந்திருந்தது, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரு நர்ஸ் அக்காவிடம் "டோன்சா உமோயா", "பாம்பா" இரண்டையும் கற்றுக்கொண்டேன்: மூச்சை இழு, பிடி. எக்ஸ்போஷர் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை ஒத்திகையும் பாருங்கள்.

கேள்வி 11. கட்டிலை விட்டு எழ முடியாதவர். படுத்தபடி எடுத்த ஏ.பி. படத்தில் வலப்பக்க நுரையீரல் முழுக்க லேசான மங்கல். நீர்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். எந்தப் பக்கம் கீழே, கதிர் எந்தத் திசையில், ஏன்?

இதற்கு விடை எழுதவில்லை. சனிக்கிழமை வரும்போது உங்கள் விடையைக் கொண்டுவாருங்கள், படம் வரைந்து.