செய்முறைத் தேர்வை வேறு நாளில் எழுத அனுமதி வேண்டி

பென்னாகரம்,
08.10.2025.

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டில் பயிலும் தங்கள் மாணவி தமிழரசி எழுதுவது. நாளை, 09.10.2025 வியாழக்கிழமை நடைபெறவுள்ள பருமனறி பகுப்பாய்வு மாதிரிச் செய்முறைத் தேர்வில் என் பெயர் முதல் பேட்ச்சில் உள்ளது. ஃப்ளூ காய்ச்சல் காரணமாக நாளை என்னால் வர இயலாது என்பதால், 14.10.2025 செவ்வாய்க்கிழமை நடைபெறும் மூன்றாம் பேட்ச்சுடன் சேர்ந்து அத்தேர்வை எழுத அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து பேருந்தில் திரும்பும்போதே உடல் அடித்துப் போட்டது போல வலித்தது. இரவுக்குள் குளிரும் இருமலும் சேர்ந்துகொண்டன. பள்ளியில் படிக்கும் என் தம்பிக்கு அதற்கு 2 நாள்கள் முன்பே இதே காய்ச்சல் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை அம்மா என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது காய்ச்சல் 102 டிகிரியைத் தாண்டியிருந்தது. இது மழைக்காலம் என்பதால் டெங்குவாக இருக்குமோ என்று இரத்தமும் பரிசோதித்தார்கள். அது இல்லை என்று தெரிந்த பிறகு, ஃப்ளூ என்று கூறி ஓசல்டாமிவிர் மாத்திரையைக் காலையும் இரவும் 5 நாள்களுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார் மருத்துவர். சனிக்கிழமை இரவோடு மாத்திரை முடிகிறது. அறிகுறி தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரம் வரை இது பிறருக்குத் தொற்றக்கூடும் என்பதால், அதுவரை கூட்டத்தில் போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். புறநோயாளிச் சீட்டின் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். மருத்துவச் சான்றிதழின் அசலைத் துறைக்கு வரும் நாளில் நேரில் தருகிறேன்.

தேர்வுக்குப் படிக்காதவர்களுக்குத்தான் தேர்வன்று காய்ச்சல் வரும் என்று வகுப்பில் நாங்களே கேலி பேசுவதுண்டு. அதனால் இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு எப்படியாவது வந்துவிடலாம் என்றுதான் நேற்று மாலை வரை நினைத்திருந்தேன். எழுத்துத் தேர்வாக இருந்திருந்தால் ஒருவேளை துணிந்திருப்பேன். ஆனால் ஆய்வகத்தில் 16 பேர் அடுத்தடுத்து நின்று, ஒரே தராசையும் ஒரே பர்னரையும் மாறி மாறிப் பயன்படுத்தும் இடத்தில் இருமிக்கொண்டு நிற்பது மற்றவர்களுக்குச் செய்யும் கெடுதல் என்று தோன்றியது. அதோடு, பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் நிறங்காட்டி எதுவும் கிடையாது. சூடான ஆக்சாலிக் அமிலக் கரைசலில் வெளிர் இளஞ்சிவப்பு கலையாமல் நிற்கும் அந்த ஒரு சொட்டைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கண்ணில் நீர் வழிய, பியூரெட் குழாயைத் திருகும் விரல் நடுங்க நான் எடுக்கும் அளவீடு ஒத்த மதிப்பாக வராது என்பது எனக்கே தெரிகிறது.

மூன்றாம் பேட்ச்சில் உள்ள என் தோழி ஒருத்தி, தாங்கள் சம்மதித்தால் நாளை என் இடத்தில் முதல் பேட்ச்சில் தேர்வு எழுத ஆயத்தமாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அப்படிச் செய்தால் இரு பேட்ச்சிலும் எண்ணிக்கை மாறாது. ஆய்வக உதவியாளர் எனக்கென்று தனியாகக் கரைசல் தயாரிக்க வேண்டிய சிரமமும் இருக்காது. செவ்வாய்க்கிழமை வசதிப்படாவிட்டால், தீபாவளி விடுமுறைக்கு முன் தாங்கள் குறிப்பிடும் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் வந்து எழுதுகிறேன். முன்பே எழுதியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்ற ஐயம் எழாதபடி, எனக்கு வேறு பரிசோதனையைக் கொடுத்தாலும் சரி.

பதிவேட்டில் கடைசி 2 பரிசோதனைகளுக்கு மட்டும் தங்கள் கையொப்பம் பெற வேண்டியுள்ளது. பதிவேட்டை நாளை காலை 9 மணிக்குள் என் அப்பா துறையில் கொண்டுவந்து தருவார். இது அகமதிப்பீட்டுக்குரிய தேர்வு என்பதாலும், நாள் மாற்றுவது துறை அளவிலேயே முடியும் என்று சீனியர் அக்கா ஒருவர் கூறியதாலும் நேரடியாகத் தங்களுக்கே எழுதியுள்ளேன். துறைத் தலைவருக்கும் விண்ணப்பம் தர வேண்டுமெனில் அதையும் அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் பதிலை இன்று இரவுக்குள் தெரிவித்தால், என் தோழி நாளைய தேர்வுக்கு வர வேண்டுமா இல்லையா என்பதை அவளுக்குச் சொல்லிவிட உதவியாக இருக்கும். தொண்டை கட்டியிருப்பதால் அலைபேசியில் பேச முடியவில்லை; அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன், பொறுத்தருளுங்கள்.

நன்றி.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி,
செ. தமிழரசி
இளநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு
முதல் பேட்ச், மேசை எண் 7